எட்டு மணிக் கணக்கு

நடு அந்தமானில் உள்ள ரங்கத் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்தும் ஓர் அன்பரின் கதையை இம்மாதம் சொல்லப் புகுகின்றோம். அவரை அண்ணாச்சி என்றே குறிப்பிடுவோம். ஊரார் அவரை அழைப்பதும் அப்படித்தான்.

அண்ணாச்சியின் மனைவியாருக்குச் சிகிச்சை வேண்டியிருந்தது. கப்பலேறிச் சென்னைக்கு வந்து, ஒரு மாதத்துக்கு மேல் தங்க நேர்ந்தது. கடையைத் தமக்கையின் மகனிடம் ஒப்புவித்து வந்தார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. கடைக்கு வந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. கூட ஒரு முதியவர் பொட்டலம் கட்டுவார். இரவு கடை அடைத்ததும் பில் போடும் கருவியில் அன்றைய விற்பனைச் சுருக்கத்தைத் திறந்து, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிவிட வேண்டும். அதில் கண்ட ரொக்கத்தை மறுநாள் வங்கியில் கட்டிவிட வேண்டும். இதுவே ஏற்பாடு. சென்னையிலிருந்து வரும் கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கப்பெற்று, ரங்கத்தையும் எட்டிவிட்டதனால் படம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

முப்பது இரவுகளில் முப்பது படங்கள் வந்தன. ரொக்கமும் படத்தில் கண்டபடியே வங்கியில் ஏறிற்று. ஒரு காசு குறையவில்லை. ஆயினும் சரக்குக்காரருக்குப் பணம் அனுப்பும் வேளையில் கை கடித்தது. விற்ற சரக்குக்கும் வந்த பணத்துக்கும் இடையே எங்கோ ஓர் ஓட்டை இருப்பதாக அவர் மனம் சொல்லிற்று.

மருத்துவமனை வராந்தாவில் அவரைக் காணச் சென்றிருந்தோம். கைப்பேசியை நம்மிடம் நீட்டி, “தம்பி, நீங்கள் ரெயில்வேயில் கணக்குப் பார்க்கிறவர். இதில் ஏதாவது தெரிகிறதா பாருங்கள்” என்றார்.

தொகைகளை நாம் பார்க்கவில்லை. நம் வேலையில் ஊறிப்போன பழக்கம் ஒன்று உண்டு. பயணச்சீட்டுக் கொடுக்கும் குமாஸ்தா, பணி தொடங்கும்போது சீட்டின் தொடக்க எண்ணைக் குறிப்பார். முடிக்கும்போது முடிவெண்ணைக் குறிப்பார். நேற்று முடிந்த எண்ணுக்கு அடுத்த எண்ணில்தான் இன்று தொடங்க வேண்டும். நடுவில் ஒரு சீட்டு காணவில்லையென்றால் அதன் விலைக்கு அவரே பொறுப்பு. ஆகவே, நம் கண் பில் எண்ணைத் தேடிற்று.

ஒவ்வொரு படத்திலும் அன்றைய பில்களின் எண்ணிக்கையும் கடைசிப் பில்லின் எண்ணும் இருந்தன. முதல் செவ்வாய்க்கிழமைப் படத்தில் கடைசி எண் 1412. மறுநாள் புதன் படத்தில் 1518. கழித்தால் 106. ஆனால் புதனன்று போட்ட பில்கள் 93 என்றே படம் சொல்லிற்று. பதின்மூன்று பில்கள் எங்கே?

புதன்கிழமையில் குறைவு தெரிவதனால் புதன்மேல் பழிபோடுவது தவறு. புதனின் 93 பில்களைக் கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முதல் பில் 1426 ஆகிறது. எனவே 1413 முதல் 1425 வரையுள்ளவை செவ்வாய் இரவில், படம் எடுத்த பிறகு போடப்பட்டவை.

படத்தின் உச்சியில் கைப்பேசியின் கடிகாரம் இருந்தது. அதுவரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை. செவ்வாய்ப் படத்தில் மணி 8.12. புதன் படத்தில் 9.20. கடை அடைப்பது ஒன்பதேகாலுக்கு!

முப்பது படங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினோம். எட்டு இரவுகளில் எண் தாவியிருந்தது. எட்டும் செவ்வாய், வெள்ளி; அந்த எட்டுப் படங்களிலும் மணி எட்டேகாலைத் தாண்டவில்லை. “அந்த இரண்டு நாளும் பெரியவர் பூஜைக்கென்று எட்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார்” என்றார் அண்ணாச்சி, மெல்லிய குரலில்.

உடனே முடிவுகட்ட வேண்டாம் என்று தடுத்தோம். தவறாகப் போட்டு ரத்துசெய்த பில்லும் எண்ணில் தாவலை உண்டாக்கும். ஆனால் அத்தகைய தாவல் எல்லா நாள்களிலும் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும். கிழமை பார்த்துப் பன்னிரண்டு பதின்மூன்றாக வராது. இதை உறுதிசெய்ய இன்னொரு சாட்சியும் இருந்தது. யூ.பி.ஐ. மூலம் வாடிக்கையாளர் செலுத்தும் பணம் பையன் கையில் படாமல் அண்ணாச்சியின் கணக்கில் நேரே சேர்வது. வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தோம். செவ்வாய்ப் படத்தில் யூ.பி.ஐ. தொகை 6,340 ரூபாய். வங்கியில் அன்று ஏறியதோ 6,960. மிகுதி 620 ரூபாயும் 8.12க்குப் பிறகு வந்தவை. படத்துக்குப் பிறகும் வியாபாரம் நடந்தது என்பதில் இனி ஐயமில்லை. அந்த வியாபாரத்தின் ரொக்கம் மட்டும் வங்கிக்கு வரவில்லை.

எட்டு இரவுகளிலும் விடுபட்ட பில்கள் 97. கடையில் ஒரு பில்லின் சராசரி 190 ரூபாய். ஆக 18,430 ரூபாய். அதில் வங்கிக்கு மிகுதியாக வந்த யூ.பி.ஐ. 4,610 போக, ஏறத்தாழ 13,800 ரூபாய் ரொக்கம் வெளியே நின்றது. இது மதிப்பீடுதான் என்றும், பில்லே போடாமல் விற்றிருந்தால் இந்த வழியில் அது அகப்படாது, சரக்கை எண்ணித்தான் அறிய வேண்டும் என்றும் சொன்னோம்.

அண்ணாச்சி வெகுநேரம் பேசவில்லை. “அக்காள் முகத்தில் எப்படி விழிப்பேன்?” என்றார் கடைசியாக.

பிறகு நடந்ததை அவரே நமக்குச் சொன்னார். கப்பலில் மூன்று நாள் யோசித்தாராம். கடைக்குப் போய் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணெய் டின்களையும் அரிசி மூட்டைகளையும் எண்ணினார், இருப்பில் பேதமில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. எட்டு மணிக்குப் பெரியவர் கிளம்பினார். பையன் பழக்கத்தால் கைப்பேசியை எடுத்தான்.

“இருக்கட்டும் மாப்பிள்ளை, கடை அடைத்த பிறகு எடுக்கலாம்” என்றார் அண்ணாச்சி.

பையன் கை நின்றுவிட்டது. சற்று நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு கல்லாவின் அடியிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து அவர் முன் வைத்தான். எட்டுத் தேதிகள், எட்டுத் தொகைகள். அடியில் கூட்டல் 14,150. கருவியிலுள்ள பில் பட்டியலைத் திறந்து, எட்டு இரவுகளிலும் படத்துக்குப் பிந்திய ரொக்க பில்களை அண்ணாச்சி கூட்டினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. 14,150 வந்தது.

“எடுத்ததை எழுதி வைத்தது எதற்கு?”

“சம்பளத்தில் கழித்துக்கொள்ள, மாமா.”

மாதம் 9,000 ரூபாய் என்று பேசி அழைத்து வந்தது உண்மை. உண்ணவும் உறங்கவும் கடையிலேயே இடம் இருந்ததால், ஊருக்குப் போகும்போது மொத்தமாக வாங்கிக்கொள்வான் என்று அண்ணாச்சி இருந்துவிட்டார். பதினான்கு மாதங்கள்! கேட்கவில்லையே என்றால், கேட்டானாம், இருமுறை. “பார்க்கலாம்” என்று சொன்னது அவருக்கு அப்போதுதான் நினைவு வந்ததாம். ஊரில் தாயார் வாங்கிய நகைக்கடனுக்கு வட்டி கட்டும் நாள் நெருங்கவே, பையன் இந்த வழியைப் பிடித்திருக்கிறான். “அத்தை படுத்திருக்கும்போது உங்களிடம் எப்படிக் கேட்பேன்?” என்றானாம்.

அண்ணாச்சி அவனை நான்கு வார்த்தை கடுமையாகவே பேசினார், அதை மறைக்கவில்லை. நாமும் பையன் செய்தது சரியென்று சொல்ல மாட்டோம். பேசி முடித்தபின் பேரேட்டை எடுத்தார். சரக்கு, கப்பல் கூலி, மின்சாரம், பெரியவர் கூலி என்று எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தது. பையனுக்கு இல்லை. புதிதாக ஒரு பக்கம் திருப்பி, 1,26,000 ரூபாய் என்று எழுதி, அதிலிருந்து 14,150ஐக் கழித்தார். மீதி 1,11,850. அதில் பாதியை மறுவாரமே தமக்கையின் கணக்குக்கு அனுப்பினார்.

சென்ற வெள்ளிக்கிழமை இரவு நம் கைப்பேசிக்கும் ஒரு படம் வந்தது. அண்ணாச்சிதான் அனுப்பியிருந்தார். மொத்தத் தொகையைப் பாராமல் முதலில் உச்சியைப் பார்த்தோம். மணி 9.24.