கடமை நிறைவேற்றிய ஆண்டுகளின் கணக்கு

நீண்ட காலம் பணியாற்றிய ஒருவரைத் தாண்டி, அண்மையில் சேர்ந்த ஒருவர் மேற்பதவிக்கு வரும்போது, அதை யாரோ செய்த சூழ்ச்சியாகவே ஊர் பேசுகிறது. ஆயினும் கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன் போன்ற வன்னிப் பெருநிலக் கிராமங்களின் பாடசாலைகளில் இது நிகழும் விதத்தைக் கூர்ந்து நோக்கினால், சூழ்ச்சி எதுவும் இல்லாமல், விதி எழுதப்பட்டபடி நடந்ததனாலேயே மூத்தவர் பின்தள்ளப்படுவதும் உண்டு என்பது புலப்படும். அதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, கடமை நிறைவேற்று அதிபர் என்று அழைக்கப்படுபவரின் நிலை. இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்த ஒருவர், அதிபர் சேவையில் தரம் பெறாமலேயே, நிரந்தர அதிபர் இல்லாத பாடசாலையின் பொறுப்பை ஒரு கடிதத்தின் மூலம் ஏற்று நடத்துவதை இது குறிக்கும்.

2008 இல் போர் நெருங்கியபோது அக்கராயன் மக்கள் இடம்பெயர்ந்தனர்; பாடசாலைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. மீள்குடியேற்றத்தின் பின்னர் கூரையில்லாத கட்டடங்களிலும் தறப்பாள் கொட்டில்களிலும் வகுப்புகள் மீண்டும் தொடங்கிய காலத்தில், தரம் பெற்ற அதிபர்கள் வன்னியின் உட்கிராமங்களுக்கு வர எளிதில் முன்வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் அங்கேயே இருந்த ஆசிரியர்கள். மாணவர்களைத் தேடிச் சேர்ப்பது, தளபாடங்களுக்கு அலைவது, உதவி நிறுவனங்களிடம் மலசலகூடம் கேட்பது, வலயக் கல்விப் பணிமனையின் கூட்டங்களுக்குப் போய்வருவது ஆகியவற்றுடன் தமக்குரிய பாடவேளைகளையும் அவர்களே எடுத்தனர். அரசுக்கு வேறு எவரும் கிடைக்காத ஆண்டுகளில் அவர்கள் கிடைத்தனர் என்பதை எந்தச் சேவைப் பிரமாணக் குறிப்பும் பதிவுசெய்யவில்லை. இந்த விடயத்தின் உண்மையான அநீதி இங்கேதான் இருக்கிறது.

சேவைப் பிரமாணக் குறிப்பு என்பது, ஒரு சேவைக்குள் எவ்வாறு நுழைவது, எவ்வாறு தரம் உயர்வது, எந்தத் தடைதாண்டல் பரீட்சையில் எப்போது சித்தியடைய வேண்டும் என்பவற்றை வகுத்து வர்த்தமானியில் வெளியிடப்படும் ஆவணம். இலங்கை அதிபர் சேவைக்கான குறிப்பு 2014 ஒக்டோபரில் வெளியானது. அது அந்தச் சேவையை மூன்று தரங்களாக வகுத்து, அடித்தரமான மூன்றாம் தரத்துக்கு மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சையின் வழியே, அதாவது ஏற்கெனவே சேவையில் உள்ளவர்கள் மட்டுமே தோற்றக்கூடிய பரீட்சையின் வழியே, ஆட்களைச் சேர்க்கிறது. ஆகவே, 2011 முதல் ஒரு பாடசாலையை நடத்திய ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாக எண்ணிக்கொண்டால், அவருக்குப் பத்து ஆண்டுகள் பிந்தி ஆசிரியராகச் சேர்ந்த ஒருவர் இந்தப் பரீட்சையில் சித்தியடைந்து அதே கதிரைக்கு நியமிக்கப்படும்போது, சட்டத்தின் பார்வையில் அந்த ஆசிரியை தாண்டப்படவே இல்லை. ஏனெனில் அவர் அந்த வரிசையிலேயே நின்றிருக்கவில்லை. அவருக்குத் தரப்பட்ட பொறுப்புக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், நிரந்தர நியமனம் வரும்வரை என்றும், இதனால் பதவிக்கு உரிமை எழாது என்றும் பொருள்படும் வாசகம் பெரும்பாலும் இருக்கும். கடிதம் வந்த நாளில் எவரும் கவனியாத அந்த வரிதான் பின்னர் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எனவே பின்தள்ளப்பட்டவர் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியது, தாம் தாண்டப்பட்டது எந்த இடத்தில் என்பதை. பரீட்சையாலும் தரத்தாலும் நிகழ்ந்ததாயின், மேன்முறையீடு ஆறுதல் தருமேயன்றிப் பதவியைத் தருவது அரிது. இருவரும் ஒரே தரத்தில் இருந்து, வெற்றிடத்துக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வில் இளையவர் தெரிவாகியிருந்தால் நிலைமை வேறு. அப்போது கேட்கவேண்டியது, அந்தத் தெரிவு மூப்பை முதன்மையாகக் கொண்டதா, திறமையை முதன்மையாகக் கொண்டதா என்பதே. இந்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் 1998 இல் பி.வி. சிவையா வழக்கில் தெளிவாக விளக்கியது. கிராமிய வங்கிகளின் பதவி உயர்வு பற்றிய அந்த வழக்கில், மூப்பும் தகுதியும் என்று விதி சொல்லுமிடத்தில், பணிக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதியை அளந்து, அதைத் தாண்டியவர்களுள் மூத்தவருக்கே பதவியை வழங்க வேண்டும் என்றும், எல்லோருக்கும் புள்ளியிட்டுக் கூடுதல் புள்ளி பெற்றவரை எடுப்பது வேறொரு முறை என்றும் நீதிமன்றம் கூறியது. அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தமக்குரிய ஆட்சேர்ப்புத் திட்டத்தை வாசிக்கும் ஒருவருக்கு எதைத் தேடவேண்டும் என்பதை அது காட்டித்தருகிறது.

தேடுவதற்குக் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. சமத்துவ உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதாயின், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை ஒரு மாதத்தையே தருகிறது. மறுபுறத்தில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் புள்ளித்திட்டத்தையும் தமக்கு இடப்பட்ட புள்ளிகளையும் கேட்டால், அவற்றைத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவே தகவல் அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. தர இணங்கிய பின்னர் தகவலை வழங்க மேலும் 14 நாட்கள் உண்டு. விடை கைக்கு வரும்போது வழக்கிடும் மாதம் கழிந்திருக்கும். விடையைப் பார்த்துவிட்டு முடிவு எடுப்போம் என்று காத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் தவறிப்போகிறார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் மேற்படி மாதத்தில் சேர்க்கப்படாது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் முறைப்பாட்டை ஒப்படைத்த பற்றுச்சீட்டு மாத்திரம் போதாது, விசாரணை உண்மையில் நடைபெறுவதைக் காட்டவேண்டும் என்று நீதிமன்றம் எதிர்பார்த்திருப்பதையும் மறந்துவிடலாகாது. ஆகவே தகவல் விண்ணப்பம், மேன்முறையீடு, முறைப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல், ஒரே வாரத்தில் செல்லவேண்டியவை.

தகவல் சட்டத்தின் 35 ஆம் பிரிவு பலராலும் அறியப்படாதது. ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அதற்கான காரணங்களை எழுத்தில் தெரிவிக்கும் கடமை தீர்மானித்த அலுவலருக்கு உண்டு என்று அது விதிக்கிறது. ஏன் என்னை விட்டீர்கள் என்று நேரில் போய்க் கேட்பவருக்கு ஒரு தேநீரும் சமாதானமும் கிடைக்கும். இந்தப் பிரிவைச் சுட்டி எழுதுபவருக்குக் கையொப்பமிட்ட காரணம் கிடைக்க வழியுண்டு. மேன்முறையீட்டை நிறுவனத் தலைவர் ஊடாக அனுப்பும்போது, முற்பிரதி ஒன்றை நேரடியாகவும் பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது, ஏனெனில் ஊடாகச் செல்லும் கடிதம் இடையிலுள்ள மேசை ஒன்றில் தங்கிவிடுவது புதிதன்று. உத்தரவு மாகாணத்திலிருந்து வந்திருந்தால் மாகாண அரச சேவை ஆணைக்குழுவும், மத்தியிலிருந்து வந்திருந்தால் அரசாங்க சேவை ஆணைக்குழுவும், பிந்தியதன் முடிவுக்கு மேல் 2002 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையும் உரிய இடங்களாகும்.

இதே வாரங்களில் பாடசாலைக்குள் நடக்கும் கையளிப்பு, மனக்கசப்பின் காரணமாக அரைகுறையாக முடிந்துவிடுகிறது. திறப்புக் கோர்வையை மேசையில் வைத்துவிட்டு வெளியேறும் கடமை நிறைவேற்று அதிபர், தம்மையே ஆபத்தில் விடுகிறார். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசோலைப் புத்தகத்தில் கடைசியாகப் பயன்பட்ட இலக்கம், வங்கி மீதி, பொருட்பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு கணினியும் கதிரையும், உடைந்தவை உடைந்தவையாகவே குறிக்கப்பட்டு, இருவரும் திகதியிட்டுக் கையொப்பமிட்ட பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கவேண்டும். சில ஆண்டுகள் கழித்துக் கணக்காய்வு வினா வரும்போது, பட்டியல் இல்லாதவரிடமே இழப்பு கேட்கப்படும். சம்பவத்திரட்டில், அதாவது பாடசாலையின் அன்றாட நிகழ்வுகளை அதிபர் தம் கைப்பட எழுதும் புத்தகத்தில், பொறுப்பேற்ற நாளின் மாணவர் தொகையையும் கையளித்த நாளின் தொகையையும் எழுதி, அந்தப் பக்கங்களின் உண்மைப்படுத்திய பிரதியைப் பெற்றுக்கொள்வது, பின்னர் வரும் நேர்முகத் தேர்வில் வாய்ச்சொல்லைவிடப் பெறுமதியானது. வன்னியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு: இடப்பெயர்வில் சுயவிபரக் கோவைகளும் சான்றிதழ்களும் அழிந்துபோனவர்கள், தமது சேவையின் ஒரு பகுதியையே நிறுவமுடியாமல் புள்ளிகளை இழந்திருக்கிறார்கள்.

கையெழுத்திடப் பேனாவை எடுக்கும் புதியவர் இந்த அநீதியை உண்டாக்கியவர் அல்லர். அவர் படித்தார், பரீட்சை எழுதினார், அனுப்பிய இடத்துக்கு வந்தார். அவரைப் புறக்கணிக்கும்படி பெற்றோரைத் தூண்டிவிடுவது சில இடங்களில் நடப்பதாகச் சொல்லப்படும்போது, அதன் விலையைப் பிள்ளைகளே செலுத்துகிறார்கள் என்பதைக் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது.

இனி எஞ்சுவது, இருப்பதா போவதா என்ற முடிவு. இலங்கையின் மிக உயர்ந்த நிலையில் இதற்கு ஒரு சான்று உண்டு. 1988 முதல் உயர் நீதிமன்றத்தில் இருந்தவரும், அடிப்படை உரிமைத் தீர்ப்புகளுக்காகப் பெரிதும் மதிக்கப்பட்டவருமான மார்க் பெர்னாண்டோ, 1999 இல் பிரதம நீதியரசர் பதவி வெறுமையானபோது தாண்டப்பட்டார்; அப்போது சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வா நியமிக்கப்பட்டார். பெர்னாண்டோ உடனே விலகவில்லை. 2004 வரை அதே அமர்வில் இருந்து தீர்ப்பெழுதி, உரிய வயதுக்கு முன்னரே ஓய்வு பெற்றார். இந்தியாவிலோ 1973 இல் தம்மைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியானபோது ஷெலாத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரும் பதவி விலகினர். இரண்டும் மதிப்புக்குரிய முடிவுகளே. ஆயினும் கிராமத்து ஆசிரியை ஒருவருக்குப் பின்னதன் விலை மிகப் பெரிது, ஏனெனில் இராஜினாமாச் செய்யும் அரச ஊழியர் தம் ஓய்வூதியத்தையும் பொதுவாக இழக்கிறார். கோபத்தில் எழுதிய இராஜினாமாக் கடிதம் ஒப்படைக்கப்படாமல் மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.

இடமாற்றம் கேட்பது அவ்வாறன்று. தாம் நடத்திய பாடசாலையில் மீண்டும் ஆசிரியராக நின்று, நேற்றுவரை தம்மிடம் லீவு கேட்டவர்களோடு ஒரே அறையில் அமர்வது எல்லோராலும் இயலக்கூடியதன்று. இயலாது என்பதில் இழிவும் இல்லை. ஓய்வுக்குச் சில ஆண்டுகளே எஞ்சியவருக்கு அயற்பாடசாலையில் பாடவேளைகளோடு அமைதியாக இருப்பது போதுமானதாகலாம். பத்து ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியிருப்பவர் அடுத்த மட்டுப்படுத்தப்பட்ட பரீட்சைக்கு விண்ணப்பிப்பதே தக்கது என்பது இந்தப் பத்தியின் துணிபு. பாடசாலையை நடத்திய அனுபவம் நிருவாகம் சார்ந்த வினாக்களுக்கு நேரடியாகவே உதவும். வயதும் சேவைக்காலமும் தகைமையும் எந்தத் திகதியில் கணிக்கப்படும் என்பதை விண்ணப்பம் கோரும் வர்த்தமானி அறிவித்தலில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

தரம் பெற்ற பின்னர் தாண்டப்பட்டவருக்கு, மேன்முறையீட்டில் கேட்கவேண்டிய நிவாரணமும் கதிரை மட்டும் அன்று. ஏற்கெனவே ஒருவர் அமர்ந்துவிட்ட பதவியிலிருந்து அவரை எழுப்பும்படி உத்தரவு கிடைப்பது கடினம். ஆனால் தரவுயர்வு தவறான திகதியில் வழங்கப்பட்டிருந்தால், அதை உரிய திகதிக்கு முன்திகதியிடும்படி கேட்கலாம். அடுத்த தரத்துக்கான சேவைக்காலமும் ஒவ்வோர் ஆண்டின் சம்பள ஏற்றமும் அந்தத் திகதியிலிருந்தே எண்ணப்படுவதால், விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியில் அந்தத் திகதியைக் குறிப்பிட்டே கேட்கவேண்டும்.