புகார் எண் கையில் இருக்கிறது, காலம் நிற்கவில்லை

இணையவழியில் அளிக்கப்படும் நுகர்வோர் புகார்களைப் பற்றி நம்மிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. புகார் எண் கிடைத்துவிட்டால் உரிமை பத்திரமாகிவிட்டது என்பதே அந்த நம்பிக்கை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தவர், பதிவெண் தாங்கிய குறுஞ்செய்தியைப் பாதுகாத்து வைக்கிறார். நிலவரப் பக்கத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்னும் சொற்களைக் கண்டு, சட்டம் தம் வழக்கை எங்கோ நடத்திக்கொண்டிருப்பதாக எண்ணிக் காத்திருக்கிறார். இந்தக் காத்திருப்பே பலருடைய வழக்கை வலுவிழக்கச் செய்கிறது. அந்த எண்ணுக்கும் நீதிமன்றக் காலவரம்புக்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு இருக்க வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில், நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு புகார் மூன்று படிகளில் ஏறுகிறது. முதற்படி விற்பனையாளர் அல்லது நிறுவனம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணைய வணிக நிறுவனம் ஒவ்வொன்றும் ஒரு குறைதீர் அலுவலரை அமர்த்த வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பல விற்பனையாளர்களுக்கு இடம் தரும் சந்தைத் தளங்கள் ஒவ்வொரு புகாருக்கும் தனி எண் வழங்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஆகவே முதற்படியில் கிடைக்கும் எண் நிறுவனத்தின் பெருந்தன்மையால் வருவதன்று. அது விதி தந்த உரிமை.

இரண்டாம் படி தேசிய உதவி எண். அது புகாரைப் பதிந்து நிறுவனத்துக்கு அனுப்புகிறது. வந்த பதிலை நுகர்வோருக்குத் தெரிவிக்கிறது. பல புகார்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடுகின்றன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதற்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது. நிறுவனம் மறுத்தாலோ பொருளற்ற பதிலொன்றைத் தந்தாலோ புகார் 'முடிக்கப்பட்டது' என்று மாறிவிடக்கூடும். முடிக்கப்பட்டது என்றால் தீர்க்கப்பட்டது என்று பொருளன்று.

மூன்றாம் படி நுகர்வோர் குறைதீர் ஆணையம். தீர்ப்பு பிறப்பது இங்கு மட்டுமே. திருவனந்தபுரத்தில் வழுதக்காட்டில் மாவட்ட ஆணையமும் கேரள மாநில ஆணையமும் இயங்குகின்றன. பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 50 இலட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். அத்தொகை 5 இலட்சத்துக்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை. விற்பனையாளர் பெங்களூருவில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வாழும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு கூறுகிறது. 2020 முதல் இ-தாக்கில் தளத்திலும், 2025 முதல் இ-ஜாக்ருதி தளத்திலும் வழக்கை இணையவழியே பதியும் வசதி உண்டு.

இந்த மூன்றும் ஒரே ஏணியின் படிகளைப் போலத் தோன்றுகின்றன. உண்மையில் முதலிரண்டு படிகளும் மூன்றாவதற்கான கட்டாய முன்நிபந்தனைகள் அல்ல. நுகர்வோர் சட்டம் பிற சட்டங்கள் தரும் வழிகளுக்குக் கூடுதலான ஒரு வழியே என்று அச்சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. கேரளத்தில் எழுந்த ஒரு தொலைபேசி வழக்கு இதன் வரலாற்றைக் காட்டும். கிருஷ்ணன் என்பவரின் இணைப்பு துண்டிக்கப்பட்டது தொடர்பான அவ்வழக்கில், தந்திச் சட்டம் தனி வழி வகுத்திருப்பதால் நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கதவு மீண்டும் திறப்பதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. 2022 பிப்ரவரியில், வோடஃபோன் ஐடியா நிறுவனத்துக்கும் அஜய் குமார் அகர்வாலுக்கும் இடையிலான வழக்கில், தொலைத்தொடர்புப் புகார்களுக்கும் நுகர்வோர் மன்றத்தை நாடத் தடையில்லை என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது.

இனிக் காலவரம்புக்கு வருவோம். சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் வழக்குப் பதிய வேண்டும். பழைய சட்டத்தின் 24-ஏ பிரிவும் இதையே சொன்னது. பாரத ஸ்டேட் வங்கிக்கும் பி.எஸ். அக்ரிகல்சுரல் இண்டஸ்ட்ரீசுக்கும் இடையிலான வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை விளக்கியது. அது மன்றத்துக்கே இடப்பட்ட கட்டளை; எதிர்த்தரப்பு அந்தக் கேள்வியை எழுப்பாவிட்டாலும் மன்றம் அதனைத் தானே ஆராய வேண்டும் என்பதே அந்த விளக்கம். 1994இல் எழுந்த குறைக்கு 1997இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கு காலம் கடந்தது என்று முடிவு செய்யப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வகுத்துப் பார்த்தால் இடர் எங்கே என்பது விளங்கும். காரியவட்டம் வளாகத்தில் பயிலும் ஆய்வு மாணவி ஒருவர் 58,000 ரூபாய்க்கு இணையத்தில் மடிக்கணினி வாங்குகிறார் எனக் கொள்வோம். உத்தரவாதக் காலத்திலேயே திரை பழுதாகிறது. 'நீர் புகுந்த சேதம்' என்று காரணம் காட்டி 2023 ஜூன் 20 அன்று நிறுவனம் பழுதுநீக்க மறுக்கிறது. இரண்டாண்டுக் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்குகிறது. அவர் குறைதீர் அலுவலருக்கு எழுதுகிறார். ஒரு மாதம் கழித்து அதே பதில் வருகிறது. செப்டம்பரில் உதவி எண்ணில் புகார் பதிகிறார். 'சேவை மையத்தை அணுகவும்' என்ற குறிப்போடு நவம்பரில் அது முடிக்கப்படுகிறது. மீண்டும் பதிகிறார், மீண்டும் முடிக்கப்படுகிறது. ஆய்வேட்டுப் பணிகளுக்கிடையே 2024 முழுதும் இவ்வாறு கழிகிறது. இறுதியில் 2025 செப்டம்பரில் அவர் ஆணையத்துக்குச் செல்லும்போது காலவரம்பு மூன்று மாதங்களுக்கு முன்பே, ஜூன் மாதத்திலேயே முடிந்திருக்கிறது. அவர் கையில் நான்கைந்து புகார் எண்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடக் கடிகாரத்தை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

அப்படியானால் அந்த எண்கள் வீணா? அல்ல. போதிய காரணம் காட்டினால் தாமதத்தைப் பொறுத்து வழக்கை ஏற்க ஆணையத்துக்கு அதே 69ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அங்கே இந்த எண்கள் அவர் சோம்பியிருக்கவில்லை என்பதற்குச் சான்றாகும். எண்ணை மட்டும் வைத்திருப்பது அதற்குப் போதாது. பதிந்த நாள், வந்த பதில், முடித்த நாள், முடித்ததற்குச் சொன்ன காரணம் ஆகியவை ஒரே தாளில் வரிசையாக இருக்க வேண்டும். ஆனால் பொறுத்தல் என்பது ஆணையத்தின் விருப்புரிமை. காலவரம்புக்குள் வருபவருக்கு இருப்பது உரிமை. பிந்தி வருபவருக்கு இருப்பது வேண்டுகோள் மட்டுமே.

ஆணையத்தில் பதிந்த பிறகும் 'நிலுவை' என்ற சொல் பல பொருள்களை மறைக்கிறது. மனுவைத் தளத்தில் ஏற்றியதும் கிடைப்பது பதிவுக் குறிப்பெண். ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டபின் தரப்படுவதே வழக்கெண். தெளிவற்ற நகல், விடுபட்ட பிரமாணப் பத்திரம் போன்ற குறைகளுக்காக மனு திருப்பப்பட்டிருந்தால், முதல் எண்ணைப் பார்த்துக் காத்திருப்பவருக்கு எதுவும் நடவாது. வழக்கை ஏற்பதா என்பதைப் பொதுவாக 21 நாட்களுக்குள் ஆணையம் முடிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் ஏற்றதாகவே கருதப்படும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்குகளை மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த மூன்று மாதம் எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்துதான் தொடங்குகிறது. எனவே நிலுவையில் உள்ள வழக்கைப் பற்றிக் கேட்க வேண்டிய முதற்கேள்வி, 'எப்போது முடியும்?' என்பதன்று, 'அறிவிப்பு சார்பு செய்யப்பட்டதா?' என்பதே.

மறுமொழி அளிக்க எதிர்த்தரப்புக்கு 30 நாட்களும், அதற்குமேல் கூடுதலாக 15 நாட்களும் மட்டுமே உண்டு. அதற்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் ஹில்லி வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. அறிவிப்பு சென்ற நாள் தெரியாத நுகர்வோருக்கு இந்த வரம்பைச் சுட்டிக்காட்டும் வாய்ப்பும் இல்லாமற் போகிறது.

இவற்றையெல்லாம் அறிந்துகொள்வது நுகர்வோரின் பொறுப்பு என்று சொல்லி நிறுத்திவிடலாம். அது நியாயமான நிறுத்தமன்று. முதலில் உதவி எண்ணை அழையுங்கள் என்று அரசே விளம்பரம் செய்கிறது. அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவரின் காலமும், எதுவும் செய்யாதிருந்தவரின் காலமும் ஒரே வேகத்தில் தேய்கின்றன. வணிகர்களுக்கு இந்நிலை இல்லை. வணிக நீதிமன்றச் சட்டத்தில் 2018இல் சேர்க்கப்பட்ட 12-ஏ பிரிவின்படி, வழக்குக்கு முந்தைய சமரசத்தில் கழிந்த நாட்கள் காலவரம்புக் கணக்கில் சேர்வதில்லை. பெருந்தொகைக்கு வழக்காடும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் இந்தக் கழிவு, 58,000 ரூபாய்க்குப் போராடும் மாணவிக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

அங்கே சமரசம் கட்டாயம், இங்கே உதவி எண் விருப்பத்தின்பாற்பட்டது என்பது வலுவான மறுப்பு. கட்டாயப்படுத்தியதால்தான் சட்டம் ஈடு செய்கிறது என்பது அதன் உட்பொருள். மீண்டும் மீண்டும் புகார் பதிந்து காலத்தை முடிவின்றி நீட்டிக்கலாம் என்ற அச்சமும் பொய்யன்று. விற்பனையாளருக்கும் ஒரு நாளில் கணக்கு முடிய வேண்டும். இரண்டுக்கும் விடை உண்டு. ஒரு குறைக்கு ஒருமுறை மட்டும், உதவி எண்ணில் பதிந்த நாள் முதல் முடித்த நாள் வரை, 90 நாட்களுக்கு மிகாமல் கழிக்கலாம் என்று 69ஆம் பிரிவில் ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை கழிந்த நாட்கள் மாணவிக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

சட்டம் திருத்தப்படும் வரை ஒரு சிறு சீர்திருத்தத்தை நாளையே செய்யலாம். புகார் எண்ணைத் தாங்கி வரும் குறுஞ்செய்தியிலேயே, 'இப்பதிவு ஆணையத்தில் வழக்குத் தொடுப்பதற்கான இரண்டாண்டுக் காலவரம்பை நிறுத்தாது' என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.