வேப்பெண்ணெய்க்கு அசுவினி போகுமா? பன்னிரண்டு தொட்டியில் பார்த்துவிட்டுச் சொல்வோம்

மாடியில் தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் நம் கடைகளுக்கு வந்து, "அவரைக் கொடியில் கறுப்புப் பேன் அப்பிக் கிடக்கிறது, வேப்பெண்ணெய் அடித்தால் போகுமா?" என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது அசுவினிப் பூச்சியை. நாமும் "நன்றாகப் போகும்" என்று சொல்லி பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறோம். போகவில்லை என்றால் கெடுவது கடையின் பெயர். ஆகவே பார்த்துத் தெரிந்துகொண்டு சொல்வதே வியாபாரத்திற்கு நல்லது என்பது நம் கருத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் தண்ணீரில் கலக்காது என்பதால் எல்லோரும் சோப்பைச் சேர்த்துத்தான் அடிக்கிறார்கள். அசுவினிக்கோ உடம்பு மிருதுவானது. சோப்புத் தண்ணீர் மேலே பட்டாலே பல செத்துவிடும். அப்படியானால் வேலை செய்தது சோப்பா, வேம்பா? இதைப் பிரித்துப் பார்க்காத சோதனை சோதனையே அல்ல.

ஒரே அளவான பன்னிரண்டு தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்பி, நம் கடைத் தட்டைப்பயற்றையே ஒரே நாளில் விதைக்கலாம். பதினைந்து நாளில் செடி எழும்பியதும், ஈரமான சிறு தூரிகையால் ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில் அசுவினிகளை விடவேண்டும். எறும்பு ஏறாமலிருக்கத் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, பொறிவண்டு வந்து தின்றுவிடாதபடி கொசுவலைத் துணியால் மூடவேண்டும். இரண்டு நாள் கழித்து எண்ணிக் குறித்துக்கொண்டு, எந்தத் தொட்டிக்கு எதை அடிப்பது என்று சீட்டுக் குலுக்கிப் போடவேண்டும். நாமே பார்த்துப் பிரித்தால் நல்ல செடியெல்லாம் வேப்பெண்ணெய்ப் பக்கம் போய்விடும்.

நான்கு தொட்டிக்கு வெறும் தண்ணீர். நான்கிற்கு ஒரு லிட்டரில் 5 கிராம் காதி சோப்பு கரைத்த தண்ணீர். மீதி நான்கிற்கு அதே சோப்புத் தண்ணீரில் 10 மி.லி. வேப்பெண்ணெய். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி மூன்றையும் ஒரே வேகத்தில் அடிக்கவேண்டும். தண்ணீரின் வேகத்திலேயே சில பூச்சிகள் உதிரும் என்பதால்தான் வெறும் தண்ணீர்த் தொட்டியும் தேவைப்படுகிறது. எண்ணுபவருக்கு எதில் எது அடித்தோம் என்று தெரியக்கூடாது. தொட்டால் கால் அசைப்பதை மட்டும் எண்ணவேண்டும். வெள்ளையாக ஒட்டியிருப்பவை பூச்சி உரித்த தோல். அவற்றைப் பிணம் என்று கணக்கில் சேர்த்துவிடக்கூடாது.

கணக்குப் பார்க்கும் முறைக்கு ஓர் உதாரணம். தொட்டிக்குச் சராசரி 50 பூச்சி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் தண்ணீர்த் தொட்டியில் 60, சோப்பில் 24, வேம்பில் 21. தண்ணீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால் சோப்பு 60 சதவிகிதமும் வேம்பு 65 சதவிகிதமும் குறைத்திருக்கின்றன. பெரிய வித்தியாசமில்லை. ஏழாம் நாள் தண்ணீரில் 120, சோப்பில் 60, வேம்பில் 18. இப்போது சோப்பு 50, வேம்பு 85. 65-ஐயும் 85-ஐயும் மொத்த லாபம் என்றால், சோப்பின் பங்கைக் கழித்தபின் நிற்பதே வேம்பின் நிகர லாபம். அது மூன்றாம் நாள் 5. ஏழாம் நாள் 35.

இப்படித் தாமதமாவதற்குக் காரணம் உண்டு. வேப்பங்கொட்டைப் பருப்பிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள், 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது, உடனே கொல்லும் விஷமல்ல. இளம் பூச்சி தோலுரித்து வளர்வதை அது தடுக்கிறது. வளர்ந்த பூச்சி சில நாள் உயிரோடு இருக்கும், குட்டியும் போடும். ஆகையால் மறுநாளே "போகவில்லையே" என்று திரும்பி வருபவர் சொல்வதும் உண்மை. ஒரு வாரம் பொறுத்தவர் "போய்விட்டது" என்பதும் உண்மை.

ஏழாம் நாளும் சோப்பும் வேம்பும் ஒரே எண்ணிக்கையில் நின்றால், அந்த எண்ணெயில் வேம்பின் சத்து இல்லை என்று சந்தேகிக்கவேண்டும். அசாடிராக்டின் வெயிலிலும் வெப்பத்திலும் கெட்டுப்போகும். சுத்திகரித்த எண்ணெயில் அது பெரும்பாலும் இருக்காது. விளக்குக்கென்று வேறு எண்ணெய் கலந்து வருவதும் உண்டு. வாசனையை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. கலக்கிய கரைசலையும் அன்றன்றே அடித்துவிடவேண்டும். இலை நுனி கருகினால் அளவு அதிகம் என்று பொருள். பூண்டு, மிளகாய்க் கரைசலைச் சோதிக்க விரும்பினாலும் இன்னும் நான்கு தொட்டி சேர்த்தால் போதும்.

'பூச்சிமருந்து' என்று பெயர் ஒட்டி விற்க உரிமம் வேண்டும் என்பது நாம் அறிந்ததே. அந்தப் பெயர் ஒட்டாமல், வாயால் உறுதி சொல்வதும் சரியல்ல. புதிய டின் வரும்போது ஆட்டிய தேதியைக் கேட்டு வாங்குவோம்; நிழலில் வைப்போம்; ஒரு முறை தொட்டியில் பார்ப்போம். பிறகு வாடிக்கையாளரிடம், "சோப்போடு கலந்து மாலையில் இலைக்கு அடியில் அடியுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுப்போம். விற்பனை ஒரு பாட்டில் குறைந்தாலும் சொன்ன சொல் நிற்கும்.