தொண்டைநோவும் மருந்துறையும்

அனல்ஜின் என்னும் வலிகொல்லியின் விற்பனையை இந்திய அரசாங்கம் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிறுத்திவைத்தது. 2014 பெப்ரவரியில் அத்தடையை நீக்கியது. நீக்கும்போது, கடும் வலிக்கும் வேறு மருந்துக்கு அடங்காத காய்ச்சலுக்குமே அது உரியதென்று பொதியினுள் வைக்கும் தாளில் அச்சிடவேண்டும் என நிபந்தனை விதித்தது. அமெரிக்காவோ 1977இலேயே அதனைச் சந்தையிலிருந்து அகற்றிவிட்டது. அம்மருந்து அரிதாகச் சிலரது குருதியில் கிருமிகளை எதிர்த்து நிற்கும் வெண்குழியங்களை ஏறக்குறைய அறவே இல்லாமற் செய்துவிடும் என்பதே காரணம். அக்கிரானுலோசைட்டோசிஸ் என்பது அந்நோயின் பெயர். பொதியைக் காணாமல் நான்கு வில்லைகளை வெட்டி வாங்கிச் செல்பவனுக்கு அந்த அச்செழுத்தால் என்ன பயன் என்று நாம் கேட்கிறோம்.

இக்கேள்வி வெள்ளாங்குளத்துக்கும் உரியது. தைரொயிட்டுச் சுரப்பி மிகையாகச் சுரப்பவர்களுக்கு வழங்கப்படும் கார்பிமசோல் என்ற மருந்தும் இதே கேட்டைச் செய்யவல்லது. ஆயிரம் பேரில் ஓரிருவருக்கோ சற்றுக் கூடுதலானோருக்கோ, பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுள் அது நேர்கிறது. நல்ல மருந்துதான்; வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

இவ்வூர்க் கமக்காரர் ஒருவரின் மனைவி ஐந்து வாரமாக அதனை உண்டு வருகிறார் என்று கொள்வோம். ஒருநாள் தொண்டை நோகிறது, காய்ச்சல் காய்கிறது, வாயிற் புண் தோன்றுகிறது. தடிமன் என்றெண்ணிப் பனடோல் போடுகிறார். கார்பிமசோலையும் தவறாமல் விழுங்குகிறார். அங்கேதான் ஆபத்து. கன மில்லிமீட்டருக்கு 2,000க்கு மேல் இருக்கவேண்டிய நியூத்திரோபில் என்னும் வெண்குழியங்கள் 500க்கும் கீழே வீழ்ந்திருக்கலாம். அந்நிலையில் சாதாரணக் கிருமியும் குருதியிற் பரவி உயிரைக் குடிக்கும். சென்ற மாதப் பரிசோதனை நன்றாயிருந்தது என்பதும் காவலாகாது. வீழ்ச்சி சில நாட்களிலேயே நேர்ந்துவிடும்.

அவர் செய்யவேண்டியது, மருந்தை உடனே நிறுத்தி, அன்றே வைத்தியசாலைக்குச் சென்று, தாம் உண்ணும் மருந்தின் பெயரைச் சொல்லி, குருதிக்குழிய எண்ணிக்கை பார்ப்பிப்பது. ஓரிரு நாள் மருந்து தவறுவதால் பெருங்கேடில்லை. எண்ணிக்கை குறைந்திருந்தால் விடுதியில் தங்கவைத்து நாளத்தின்வழி நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றுவர். பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் தேறுவர்; ஆனால் அம்மருந்தை மீண்டும் ஒருபோதும் தொடலாகாது.

குளோரம்பெனிக்கோல் விளைக்கக்கூடிய கேடு வேறு வகை. மிக அரிதாயினும், அங்கு எலும்பு மச்சையே வற்றிப்போகிறது. மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் கழிந்தபின்னும் வெளிறல், முரசிற் குருதி, காரணமின்றிக் கன்றிய தோல் என அது தலைகாட்டும்.

கார்பிமசோல் கொடுக்கும் கடதாசி உறையில், வேளைகளைக் குறிக்கும் இடத்துக்குக் கீழே, “தொண்டைநோ, காய்ச்சல், வாய்ப்புண் கண்டால் நிறுத்துக, அன்றே குருதி பார்ப்பிக்க” என்று தமிழில் அச்சிடல் வேண்டும். உறையோடு வருபவரை வெளிநோயாளர் வரிசையில் நிறுத்தாமல் அன்றே எண்ணிக்கை பார்த்தனுப்ப ஏற்பாடும் வேண்டும். சுகாதாரத் திணைக்களத்திடம் இவ்விரண்டையும் கோருகிறோம்.