யாரும் திருடாத மூன்று லிட்டர்

கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களில் ஒரு பழைய சண்டை உண்டு. காலையில் உறுப்பினர்களிடம் அளந்து வாங்கிய பால் 500 லிட்டர். ஒன்றியத்தின் ரசீதில் வருவதோ 497. ‘வண்டியில் போனதா, கேனில் ஒட்டியதா, எவராவது எடுத்தார்களா?’ என்று செயலாளரைக் கேட்பார்கள். பெரும்பாலும் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். சங்கம் அளப்பது லிட்டர். ஒன்றியம் நிறுப்பது கிலோ. இடையில் உள்ள கணக்கில்தான் அந்த மூன்று லிட்டர் கரைகிறது.

பால் தண்ணீரைவிடச் சற்றுக் கனமானது. லிட்டரை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ; கிலோவை அடர்த்தியால் வகுத்தால் லிட்டர். பல இடங்களில் இந்த அடர்த்தியை 1.03 என்று நிலையாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 100 லிட்டர் 103 கிலோ. ஆனால் பசும்பாலும் எருமைப்பாலும் ஒன்றல்ல. கொழுப்பு கூடினால் அடர்த்தி குறையும், இதரச் சத்து கூடினால் உயரும். எருமைப்பாலில் இரண்டும் அதிகம் என்றாலும் இதரச் சத்தின் கை ஓங்குவதால் அது பொதுவாகக் கொஞ்சம் கனமாகவே இருக்கும். பசும்பாலின் உண்மையான அடர்த்தி 1.028 ஆக இருந்து, 1.03-ஆல் வகுத்தால், பத்து லிட்டருக்கு 20 மில்லி குறையும். அதுவும் இழப்புதான், ஆனால் சிறியது. ரசீதில் காணும் பெரிய ஓட்டைக்குக் காரணம் வேறு.

அந்தக் காரணம் சூடு. சுமார் 4 சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலின் அடர்த்தி 20 டிகிரியில் 1.030, 39 டிகிரியில் 1.023, குளிர்வித்து 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 1.035. கறந்த சூடு ஆறாமல் 35 டிகிரியில் சங்கத்துக்கு வரும் பாலின் அடர்த்தி ஏறக்குறைய 1.024 தான். அப்படியானால் அளவையில் 500 லிட்டர் காட்டிய பால், எடையில் 512 கிலோ. ஒன்றியம் அதை 1.03-ஆல் வகுக்கிறது: 497 லிட்டர். பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 105 ரூபாய், ஆண்டுக்கு 38 ஆயிரத்துக்கு மேல் கணக்கில் காணாமல் போகிறது. அளவையில் நுரையும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

இந்தக் குறைவைச் சங்கம் எப்படி ஈடுகட்டும்? அளவையை விளிம்பு தாண்டி நிரப்பி வாங்கச் சொல்லித்தான். கணக்கின் பிழை கடைசியில் மாட்டுக்காரர் தலையில் விடிகிறது.

‘பால்மானியால் அடர்த்தி பார்த்துக்கொண்டால் போதாதா?’ என்று கேட்கலாம். பால்மானியின் அளவு 27 டிகிரிக்குத் திருத்திச் சொல்லப்படுவது. அது 27.5 என்றால் அடர்த்தி 1.0275, அந்தக் கணக்கில் 500 லிட்டர் 513.75 கிலோ. ஆனால் அளந்தபோது பால் இருந்தது 35 டிகிரியில். எந்தச் சூட்டில் அளந்தோமோ அந்தச் சூட்டின் அடர்த்திதான் அந்த லிட்டருக்குச் செல்லும். எனவே சரியாகப் பார்த்த பால்மானியும் இங்கே ஏறக்குறைய 2 கிலோ தவறாகச் சொல்லும்.

இன்னொரு பிழை கொழுப்புக் கணக்கில் நேர்கிறது. கொழுப்புச் சதவீதம் எடைக்கு எடை சொல்லப்படுவது: 4 சதவீதம் என்றால் 100 கிலோ பாலில் 4 கிலோ. 512 கிலோவில் கொழுப்பு 20.48 கிலோ. யாராவது 497 லிட்டரை எடுத்து அதையே பெருக்கினால் 19.88 தான் வரும். அரை கிலோவுக்கு மேல் கொழுப்பு ஏட்டில் இல்லாமல் போகிறது. அதேபோல லிட்டர் விலையைக் கிலோவுக்கு அப்படியே போட்டால், தவறு மறுபக்கம் சாயும். லிட்டருக்கு 35 ரூபாய் என்றால், 1.03 கணக்கில் கிலோவுக்கு 33 ரூபாய் 98 காசு.

ஆகவே எந்த எண்ணால் வகுப்பது என்பதைவிட, எங்கே, எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதே முக்கியம். சூடேறினாலும் ஆறினாலும் எடை மாறாது. நுரைக்கும் எடை மிகக் குறைவு. ஆகவே சங்கத்திலேயே பாலை நிறுத்து வாங்க வேண்டும். மின்னணுத் தராசு வைத்திருக்கும் சங்கங்களிலும் ஒரு சிக்கல் உண்டு: தராசு நிறுப்பது கிலோவை, திரையில் காட்டுவதோ உள்ளே பதித்த எண்ணால் வகுத்த லிட்டரை. அந்த எண் 1.03-ஆ, 1.035-ஆ என்பது உறுப்பினருக்குத் தெரியாது. 10.28 கிலோ பால் முதல் எண்ணில் 9.98 லிட்டர், இரண்டாவதில் 9.93.

‘மக்களுக்குப் பழகியது லிட்டர்தானே’ என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்காகக் கிலோவை மறைக்க வேண்டியதில்லை. ரசீதில் கிலோ, வகுத்த எண், லிட்டர் மூன்றும் அடுத்தடுத்து அச்சாகட்டும். சங்கத்திலும் ஒன்றியத்திலும் அந்த எண் ஒன்றாக இருக்கட்டும். அதன் பிறகும் மூன்று லிட்டர் குறைந்தால், அப்போது செயலாளரைக் கேட்கலாம்.