முகூர்த்தம் முடிவாகிவிட்டது, லீவு எப்போது முடிவாகும்?

நம்மவர் வீடுகளில் கல்யாணத் தேதி நாலைந்து மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. ஜோசியர் நாள் பார்த்துக் கொடுக்கிறார். நிச்சயதார்த்தத்தன்று பெரியவர்கள் முன் வாசித்துத் தாம்பூலம் மாற்றுகிறார்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸும் போய்விடுகிறது. இத்தனை பேருக்கும் தெரிந்த அந்தத் தேதியை மட்டாஞ்சேரியிலுள்ள நமது ஆபீஸ் மட்டும் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. "இப்போதே என்ன அவசரம்? நாள் நெருங்கட்டும், வேலையைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பார் மானேஜர். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் வெளியூரிலிருந்து வந்து உழைக்கும் சிப்பந்திக்கு இந்தப் பதில் 'இல்லை' என்பதற்குச் சமம் என்பதே எனது கருத்து.

இந்த ஊரில் தொல்லை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மார்கழியில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. தை பிறந்ததும் முகூர்த்தங்கள் நெருக்கி வருகின்றன. மலையில் மிளகு பறித்து, காய்ந்து, மூட்டை மூட்டையாகக் கிடங்குக்கு வருவதும் டிசம்பர் முதல் மார்ச் வரைதான். பஜார் ரோட்டுக் கம்பெனிகளில் எடை, தரம் பிரித்தல், ஏற்றுமதிக் காகிதங்கள் எல்லாம் அப்போது தலைக்கு மேல். பிறகு மார்ச் 31 கணக்கு முடிப்பு. சரி, ஆவணிக்குத் தள்ளலாமென்றால் அது இங்கே சிங்ஙமாதம். ஓணத்துக்கு எல்லோரும் லீவு கேட்பார்கள். மலையாள நண்பர்களின் வீட்டுக் கல்யாணங்களும் அந்த மாதத்தில்தான் அதிகம். ஆக, நமது இரண்டு நல்ல மாதங்களும் ஆபீஸின் இரண்டு நெருக்கடி மாதங்களாக இருக்கின்றன. கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

"விதிப்படி 15 நாள் முன்பு மனு கொடுத்தால் போதுமே" என்று சில அன்பர்கள் கூறுகிறார்கள். அந்த 15 நாள் 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்து வந்த வழக்கம். அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்ட போதிலும், பல ஆபீஸ் விதிகளில் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15 நாளுக்குக் குறையக்கூடாது என்பதுதான் அதன் பொருள். நாலு மாதம் முன்பு கொடுக்கக்கூடாது என்று அது சொல்லவில்லை. முன்கூட்டி வந்த மனுவை "காலம் வரவில்லை" என்று திருப்புவதற்கு அதில் இடமில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோவில்பட்டிக்காரரான ஒரு குமாஸ்தா. கல்யாணம் ஜனவரி 24, ஞாயிற்றுக்கிழமை. 20-ந் தேதி புதன் வேலை முடிந்து இரவு ரயிலேற வேண்டும். கல்யாணம், மறுவீடு, குலதெய்வக் கோவில் எல்லாம் முடித்து 31-ந் தேதி ஞாயிறு புறப்பட்டால், பிப்ரவரி 1 திங்களன்று நாற்காலியில் இருப்பார். அப்படியானால் லீவு ஜனவரி 21 முதல் 30 வரை. பத்து நாள் போலத் தோன்றும். நடுவில் ஒரு ஞாயிறு, குடியரசு தினமான 26 ஆகிய இரண்டையும் கழித்தால் எட்டே நாள். விடுமுறையை லீவில் சேர்ப்பார்களா, கழிப்பார்களா என்பதைப் பெர்சனல் ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். பத்து என்று கேட்டு மானேஜரை மிரள வைப்பதைவிட எட்டு என்று கேட்பது நல்லதல்லவா?

அடுத்து, கணக்கில் லீவு இருக்கிறதா? கடைகளுக்கும் வியாபார நிலையங்களுக்குமான 1960-ம் வருடக் கேரளச் சட்டப்படி, தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு வருடத்தில் 12 நாள் சம்பளத்துடன் லீவு உண்டு. நமது குமாஸ்தா முந்தின ஏப்ரலில்தான் சேர்ந்தவர் என்றால் ஜனவரியில் ஒன்பது மாதம்தான் ஆகியிருக்கும். அவர் கேஷுவல் லீவையோ, சம்பளமில்லா லீவையோதான் நம்ப வேண்டும். இது நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே தெரிந்தால் கைச்செலவுக்கு வேறு வழி பார்க்கலாம். பிப்ரவரிச் சம்பளக் கவரைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது கொடுமை.

மானேஜர் ஒப்புதல் தருபவர். பெர்சனல் ஆபீஸ் கணக்கு வைப்பது. முன்னவர் வாயால் சரி என்றால் பின்னதன் புத்தகத்தில் ஏறாது. மானேஜர் மாற்றலாகிப் போனால் அந்த வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். ஆகவே மனு ஒன்று, பிரதி இரண்டு. மேலே மானேஜர், கீழே "நகல்: பெர்சனல் ஆபீஸ்". உங்கள் பிரதியில் தேதியுடன் ஓர் இனிஷியல் வாங்கிக்கொள்ளுங்கள். மானேஜர் தமிழ் வாசிக்காதவராக இருந்தால் இங்கிலீஷிலோ மலையாளத்திலோ எழுதிவிடுங்கள். விஷயம் இவ்வளவு இருந்தால் போதும்:

"எனது விவாகம் ஜனவரி 24 அன்று கோவில்பட்டியில் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. ஜனவரி 21 முதல் 30 வரை (ஞாயிறும் 26-ந் தேதியும் நீங்கலாக 8 நாள்) லீவு அளிக்கக் கோருகிறேன். பிப்ரவரி 1 காலை வேலைக்கு வருவேன். எனது பில் புத்தகத்தை அந்த நாட்களில் இன்னார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். ரயில் டிக்கெட் நவம்பர் 21-ல் எடுக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். ரயில் முன்பதிவு முன்பு 120 நாள் இருந்தது. 2024 நவம்பர் முதல் 60 நாள்தான். ஜனவரி 20-ந் தேதி வண்டிக்கு நவம்பர் 21-ல் கவுண்டர் திறக்கும். 31-ந் தேதி திரும்புவதற்கு டிசம்பர் 2. "நாள் நெருங்கட்டும்" என்ற பதிலுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி கிடையாது. எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும், ஏன் வேண்டும் என்பதைக் காலண்டரே சொல்லிவிடுகிறது. பதில் வராவிட்டால் நவம்பர் முதல் வாரத்தில் பழைய மனுவின் தேதியைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் நினைவூட்டுங்கள்.

ஒன்று செய்யவே கூடாது. பதில் வராத கோபத்தில் வண்டியேறிவிட்டுப் பிறகு தந்தியடித்தாற்போல் போனில் செய்தி சொல்வது. எட்டு நாளுக்கு மேல் சொல்லாமல் நின்றால் வேலை தானே போய்விடும் என்று சில கம்பெனி விதிகளில் இருந்தது. அப்படி விசாரணையில்லாமல் பெயரை அடிப்பது நியாயமல்ல என்று 1993-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் புதுப்பெண்டாட்டியை அழைத்து வந்த கையோடு கோர்ட்டுப் படியேறுவதை யார் விரும்புவார்?

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. மிளகுக் காலத்தில் ஓர் ஆள் எட்டு நாள் இல்லாவிட்டால் சிரமம்தான். அந்தச் சிரமத்தை நாலு மாதம் முன்பே உங்களுக்குச் சொல்பவன் உங்களுக்கு உபகாரம் செய்கிறான். முடியாதென்றால் அப்போதே முடியாதென்று எழுதிவிடுங்கள். பெரியவர்கள் வேறு முகூர்த்தம் பார்ப்பார்கள், அல்லது லீவை ஆறு நாளாகக் குறைத்துக்கொள்வார்கள். பத்திரிகை அச்சடித்த பிறகு வரும் மறுப்புக்கு மட்டும் எந்த வீட்டிலும் பரிகாரம் கிடையாது. விவாகத்துக்கான மனுவுக்கு இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் என்று ஒரே ஒரு விதியை நோட்டீஸ் போர்டில் போடட்டும். கம்பெனிக்கு இதில் ஒரு காசு செலவில்லை.