மாக்ஸிமின்னா சமத்துவம் இல்லீங்கோ!

"மாக்ஸிமின்னா சமபங்கு, பயன்வாதம்னா பணக்காரனுக்கு ஜால்ரா"ன்னு பதிவு போடுற மக்களே, ரெண்டும் தப்பு.

முருகன், கண்ணன்னு ரெண்டே பேர். மாத வருமானம் ஆயிரம் ரூபாய்க் கணக்கில். திட்டம் அ: 36, 36. திட்டம் ஆ: முருகனுக்கு 25, கண்ணனுக்கு 100. வருமானத்தோட வர்க்கமூலம்தான் திருப்தின்னு வச்சுக்குங்க. அ-வில் 6+6=12, ஆ-வில் 5+10=15. கூட்டிப் பார்க்கிற பயன்வாதி ஆ-வை எடுப்பார். கடைசி ஆளை மட்டும் பார்க்கிற மாக்ஸிமின் அ-வை எடுக்கும்.

மொத்தமே 72-தான், பிரிச்சுக் குடுன்னா? பயன்வாதியும் 36, 36-ன்னுதான் சொல்வார். பிரிக்கிற விதத்தால மொத்தம் மாறும்போதுதான் சண்டையே. அதே மாதிரி 37, 400 கிடைச்சா மாக்ஸிமின் 36, 36-ஐத் தூக்கிப் போட்டுடும். இதுவா சமத்துவம்?

என் கடுப்பு வேற. 35, 10000 வந்தாலும் மாக்ஸிமின் 36, 36-லயே நிக்கும். ஒருத்தரோட ஆயிரத்துக்காக இன்னொருத்தரோட ஒரு கோடி போச்சு. ரால்ஸ்கிட்ட 1975-ல் ஹர்சானி மல்லுக்கட்டினதும் இந்த மாதிரி இடத்துலதான்.

"கண்ணன்கிட்ட 2 வாங்கி முருகனுக்குக் குடு"ம்பீங்க. குடுக்க முடிஞ்சா அது மூணாவது திட்டம்; 37, 9998-ஐ மாக்ஸிமினே எடுத்துக்கும். குடுக்க முடியாதப்போ என்ன செய்வீங்க? அதைச் சொல்லிட்டு அப்புறம் ரால்ஸுக்குக் கொடி புடிங்க.